‘கல்’லைத் தேடினால் கல்லூரியும் சிக்கும்: எடிட்டரில் தேடி மாற்றுவது எப்படி?

மார்த்தாண்டத்தில் நான் நடத்தும் தட்டச்சு நிலையத்துக்குச் சென்ற மாதம் ஒரு சங்கத்தின் செயலாளர் உறுப்பினர் பட்டியலைக் கொண்டுவந்தார். சாதாரண டெக்ஸ்ட் கோப்பாக இருந்த அதில், கருங்கல் என்ற ஊர்ப் பெயரைப் பலரும் ‘கல்’ என்று சுருக்கி எழுதியிருந்ததால், அவரே வீட்டில் நோட்பேடில் ‘கல்’ எல்லாவற்றையும் ‘கருங்கல்’ என ஒரேயடியாக மாற்றித் திருத்த முயன்றிருந்தார். விளைவு இப்படி இருந்தது:

```
கருங்கல்பனா, கருங்கல், கருங்கல்லூரி ஆசிரியர்
```

நோட்பேடில் `Ctrl+H` அழுத்தினால் இரண்டு கட்டங்கள் வரும். மேல் கட்டத்தில் தேட வேண்டியதையும், கீழ்க் கட்டத்தில் அதற்கு மாற்றானதையும் இட வேண்டும். `Replace` ஓர் இடத்தை மட்டும் மாற்றும். `Replace all` கோப்பு முழுவதையும் கேள்வி கேட்காமல் மாற்றிவிடும். எடிட்டருக்குச் சொல்லின் பொருள் தெரியாது, எழுத்துகளின் வரிசை மட்டுமே தெரியும். ஆகவே ‘கல்பனா’, ‘கல்லூரி’, ‘கல்குளம்’ எல்லாம் அதற்கு ஒன்றுதான். முழுமையாக எழுதப்பட்டிருந்த ‘கருங்கல்’கூட ‘கருங்கருங்கல்’ ஆகியிருந்தது.

உடனே கவனித்திருந்தால் `Ctrl+Z` போதும். அவரோ சேமித்து, மூடிவிட்டு வந்திருந்தார். நல்லவேளையாக, ‘கருங்கல்’ இருந்த இடத்திலெல்லாம் ‘கல்’ என்று திருப்பி மாற்றியபோது பழைய நிலை அப்படியே கிடைத்தது. எப்போதும் இப்படி வாய்க்காது. ‘நாகர்கோயில்’, ‘நாகர்கோவில்’ என இரு விதமாகவும் உள்ள பட்டியலில் எல்லாவற்றையும் ‘கோவில்’ ஆக்கிவிட்டால், எது முன்பு எப்படி இருந்தது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. அதனால்தான், மாற்றுவதற்கு முன் புதிய சொல்லையும் ஒருமுறை தேடிப் பார்ப்பது என் வழக்கம்.

பிறகு கோப்பை வேறு பெயரில் நகலெடுத்துக்கொண்டு, அதை நோட்பேட்++ எடிட்டரில் திறந்தேன். அதன் தேடல் பெட்டியில் உள்ள `Count` பொத்தான், எதையும் மாற்றாமல் எண்ணிக்கையை மட்டும் சொல்லும். ‘கல்’ 151 இடங்களில் வந்தது. செயலாளரின் கையேட்டின்படி சுருக்கி எழுதிய கருங்கல்காரர்கள் 38 பேர்தான். ஊருக்கு முன்னும் பின்னும் காற்புள்ளி இருப்பதால் அதையும் சேர்த்துத் தேடலாம். முன் காற்புள்ளி மட்டும் போதாது; ‘, கல்லூரி’யும் சிக்கிவிடும். எனவே இரண்டையும் இட்டேன்:

```
தேட:   , கல்,
மாற்ற: , கருங்கல்,
```

இப்போது எண்ணிக்கை 36. முதல் நாலைந்து இடங்களை `Replace` கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றிய பின்பே `Replace all` அழுத்தினேன். விடுபட்ட இரண்டில் ஒன்றில் காற்புள்ளிக்குப் பின் இடைவெளி இல்லை, மற்றொன்றில் காற்புள்ளிக்குப் பதில் முற்றுப்புள்ளி இருந்தது. அவற்றைக் கையாலேயே திருத்தினேன்.