வீடும் விற்பனையில் சேர்த்தியா?

பொள்ளாச்சியில் ஆங்கிலக் கடிதங்களும் ஒப்பந்த நகல்களும் எழுதிக் கொடுப்பது என் தொழில். கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர் மலையாளம் படிக்க மாட்டார். வாங்க வரும் பாலக்காட்டுக்காரர் தமிழ் படிக்க மாட்டார். பேச்சு எப்படியோ ஓடிவிடும். எழுத்து என்று வந்தால் ஆங்கிலம்தான்.

தோப்பு விற்கும் ஒருவர் தானே எழுதிக்கொண்டு வந்த நகலில் ஒரு வரி: “பிசைட் த ஹவுஸ், டூ வெல்ஸ் ஆர் இன்க்ளூடட் இன் த சேல்.” வீட்டோடு இரண்டு கிணறுகளும் சேர்த்தி என்று அவர் சொல்ல நினைத்திருக்கிறார். ஆனால் எழுதியிருப்பதோ, வீட்டை ஒட்டியுள்ள இரண்டு கிணறுகள் சேர்த்தி என்று. வீடு விற்பனையில் உண்டா இல்லையா என்பதற்கு அதில் பதிலே இல்லை. வாக்கியத்தில் பிழையும் இல்லை, அதனால் கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போடாது.

‘பிசைட்’ என்றால் பக்கத்தில். ‘பிசைட்ஸ்’ என்றால் அதுவும் போக. சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ‘நெக்ஸ்ட் டு’ போட்டுப் பாருங்கள்; நினைத்த பொருள் வந்தால் கடைசி ‘ஸ்’ வேண்டாம். ஆனால் ‘பிசைட்ஸ்’ போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. “நத்திங் பிசைட்ஸ் த ஹவுஸ்” என்று எழுதினால் வீட்டைத் தவிர வேறொன்றும் இல்லை என்றாகிவிடும். அதனால் பணம் கைமாறும் தாளில் நான் இரண்டையும் தவிர்த்து, “த ஹவுஸ் அண்ட் டூ வெல்ஸ் ஆர் இன்க்ளூடட்” என்றே எழுதுகிறேன்.

அதே நகலில் விற்பவர்கள் அண்ணன் தம்பி மூன்று பேர், வாங்குபவர் ஒருவர். நால்வர் ஆகிவிட்டதால் ‘அக்ரிமென்ட் அமங்’ என்று மாற்ற வேண்டுமா என்று கேட்டார். இரண்டு பேருக்கு ‘பிட்வீன்’, அதற்கு மேல் ‘அமங்’ என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்த விதி பாதிதான் சரி. தரப்புகளைத் தனித்தனியாகப் பெயர் சொல்லி இணைக்கும்போது எத்தனை பேரானாலும் ‘பிட்வீன்’ பொருந்தும். காவிரிப் பிரச்சினையில் தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம், புதுச்சேரி என்று நான்கு தரப்பு. அதையும் ‘டிஸ்ப்யூட் பிட்வீன்’ என்று எழுதலாம். ஆட்களைப் பிரிக்காமல் கூட்டமாகப் பார்த்தால் ‘அமங்’: “ஹி இஸ் பாப்புலர் அமங் த ஃபார்மர்ஸ்.” முன்பணத்தைப் பங்கிடும் வரியில் எதைப் போட்டாலும் சமபங்கு என்று ஆகாது, ‘இன் ஈக்வல் ஷேர்ஸ்’ என்று தனியாக எழுத வேண்டும். அப்புறம், “பிட்வீன் டென் டு ஃபைவ்” வேண்டாம், “பிட்வீன் டென் அண்ட் ஃபைவ்”தான்.

‘எஸ்பெஷலி’, ‘ஸ்பெஷலி’ இரண்டையும் பேச்சில் ஆங்கிலேயரே கலக்கிறார்கள். எழுத்தில், ஒரு காரியத்துக்கென்றே செய்தது ‘ஸ்பெஷலி’: கொப்பரை காயவைக்க ஸ்பெஷலி கட்டிய களம். மற்றதைவிடக் கூடுதலாக என்றால் ‘எஸ்பெஷலி’: கிணற்றில் தண்ணீர் நன்றாக இருக்கும், எஸ்பெஷலி தென்மேற்குப் பருவமழைக்கு அப்புறம்.