இசப்கோல் தவிடு அல்ல

ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த ஒரு மலச்சிக்கல் மருந்தின் துண்டுச்சீட்டைப் பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். முதல் வரியிலேயே ‘சைலியம் தவிடு’ என்று இருந்தது. அதை அடித்துவிட்டு ‘இசப்கோல் விதைத்தோல்’ என்று எழுதி அனுப்பினேன். திரும்பி வந்தபோது மறுபடியும் தவிடாகவே இருந்தது. ‘தவிடு என்றால்தான் எல்லோருக்கும் புரியும்’ என்று ஓரத்தில் ஒரு குறிப்பு வேறு. எல்லோருக்கும் புரிகிறது, உண்மைதான். தப்பாகப் புரிகிறது என்பதுதான் என் சண்டை.

சொல்லின் பிறப்பை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரேக்கத்தில் ‘சில்லா’ என்றால் தெள்ளுப்பூச்சி. விதை தெள்ளைப் போலக் கருத்துச் சிறுத்திருந்ததால் செடிக்கு அந்தப் பெயர் வந்தது. அதுதான் சைலியம். ஆனால் மலச்சிக்கலுக்கு இன்று பரவலாக விற்கும் உமி, வெளிர் நிற விதை கொண்ட அதன் உறவுக்காரச் செடியிலிருந்து வருவது. பிளான்டாகோ ஓவாட்டா என்பது அதன் தாவரப் பெயர். அந்த விதை நீள்வட்டமாக, ஒரு பக்கம் குழிந்து, சின்னப் படகு மாதிரி இருக்கும். பாரசீகக்காரர்களுக்கு அது குதிரையின் காதாகத் தெரிந்திருக்கிறது. ‘அஸ்ப்’ குதிரை, ‘கோல்’ காது. இரண்டும் சேர்ந்து உருது, இந்தி வழியாக நம்மிடம் இசப்கோல் ஆயின. ‘தெள்ளுவிதை’ என்று தூய தமிழில் எழுதலாமே என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். பூச்சியின் பெயரைச் சொல்லி மருந்து கொடுத்தால் யார் குடிப்பார்கள்? இசப்கோல் நம் நாக்குக்குப் பழகிவிட்ட சொல். அதை அப்படியே வைத்துக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை.

சிக்கல் பின்பாதியில்தான் இருக்கிறது. உமியா, தவிடா, தோலா?

நெல்லை வைத்துப் பாருங்கள். வெளியே கரகரவென்று இருப்பது உமி. அதை நீக்கியபின் அரிசியைத் தீட்டும்போது உதிர்வது தவிடு. இசப்கோலில் நாம் சாப்பிடுவது இரண்டுமல்ல, விதையின் மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய தோல். உளுந்தின் தோலைப் போல என்றால் சட்டென்று விளங்கும். உமி என்பது வழக்கில் ஊன்றிவிட்டது. கடைக்காரரும் வைத்தியரும் அப்படித்தான் சொல்கிறார்கள், அதனால் அதோடு நான் சண்டைக்குப் போவதில்லை. உமி என்ற சொல் யாரையும் ஏமாற்றுவதும் இல்லை. தவிடு ஏமாற்றுகிறது.

ஏனென்றால் தவிடு என்ற சொல்லோடு ஒரு பழக்கமும் ஒட்டிக்கொண்டு வருகிறது. தவிட்டை மாவில் கலப்பார்கள், உணவின்மேல் தூவுவார்கள், ஒரு பிடி வாயில் போட்டு மென்றாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. கோதுமைத் தவிட்டின் நார் பெரும்பாலும் நீரில் கரையாதது, சொரசொரப்பானது. அது குடலின் சுவரை உரசி வேலை செய்யும். இசப்கோல் தோலின் இயல்பு முற்றிலும் வேறு. நீர் பட்டதும் உப்பி வழவழப்பான கூழாகிவிடும். பெருங்குடலின் நுண்ணுயிர்களாலும் அதை அவ்வளவாகச் சிதைக்க முடியாது. அதனால் பிடித்த நீரைக் கடைசி வரை விடாமல் கொண்டுபோகும். இறுகிய மலம் இளகிப் பருத்து வெளியேறுவது அந்த நீரால்தான். தோல் வெறும் ஏனம், மருந்து வேலை பார்ப்பது தண்ணீர். தவிடு என்று எழுதுகிறவர் இந்தத் தண்ணீரை மறைத்துவிடுகிறார்.

இது வீண் சொல்லாராய்ச்சி அல்ல. என் அத்தை ஒரு நாள் தேக்கரண்டி நிறைய இசப்கோலை வாயில் கொட்டிக்கொண்டு இரண்டு மிடறு தண்ணீர் விட்டார். கொஞ்ச நேரத்தில் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, எச்சில்கூட இறங்கவில்லை என்றார். தூள் உணவுக்குழாயிலேயே உப்பி அடைத்திருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். குழாய் விட்டு எடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும், “ஏன் அத்தை இப்படிப் பண்ணீங்க?” என்று கேட்டேன். “தவிடுன்னுதானேடா போட்டிருக்கு? தவிட்டுக்கு யாரு டம்ளர் தண்ணி குடிப்பா?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

எவ்வளவு தண்ணீர் என்பதிலும் சீட்டு நழுவுகிறது. ‘போதுமான நீருடன்’ என்று எழுதிவிட்டுக் கடந்துபோகிறார்கள். எது போதும்? அமெரிக்க உறைகளில் ஒரு வேளை அளவுக்குக் குறைந்தது 8 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 240 மில்லி திரவம் என்று இருக்கும். ஐரோப்பிய வழிகாட்டல் வேறு விதமாகக் கணக்கிடுகிறது: 1 கிராம் தோலுக்குக் குறைந்தது 30 மில்லி. வழக்கமான ஒரு வேளை அளவு மூன்றரை கிராம் போல. ஐரோப்பியக் கணக்கில் அதற்கு 105 மில்லி வரும், அது அடித்தளம் மட்டுமே. நான் 240-ஐத்தான் சொல்வேன், அதைக் குடித்த பின் இன்னொரு அரை டம்ளரும். தொண்டைக்கு அது காவல், குடலுக்கும் அந்த நீர் வேண்டும். டம்ளர் என்பதும் அளவல்ல, வீட்டுக்கு வீடு மாறும். அளவுக்குவளையில் ஒரு தடவை ஊற்றிப் பார்த்துவிட்டு, எந்த டம்ளரில் எதுவரை என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். கரண்டியும் அப்படித்தான். செதிலாக இருக்கும் தோல் தேக்கரண்டிக்கு 2 கிராம்கூடத் தேறாமல் போகலாம், அரைத்த தூள் அதே கரண்டியில் அதிகம் கொள்ளும். உறையோடு வரும் அளவுக்கரண்டி இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

கலக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலில் டம்ளரில் தண்ணீர், அதன்மேல் தோலைத் தூவி விரைவாகக் கலக்கி, உடனே குடித்துவிட வேண்டும். நேராக உட்கார்ந்தோ நின்றோ குடியுங்கள். தொலைபேசி அடித்தது, எடுத்துப் பேசிவிட்டு வந்தேன் என்றால் டம்ளரில் கூழ் காத்திருக்கும். அதை விழுங்கப் போராடாமல் இன்னும் தண்ணீர் ஊற்றித் தளர்த்துங்கள், அதுவும் முடியாவிட்டால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். படுக்கப் போகும் நேரத்தில் குடிக்கக் கூடாது. விழுங்குவதில் ஏற்கெனவே சிரமம் உள்ளவர் இதைத் தொடவே வேண்டாம். குடித்தபின் நெஞ்சுவலி, வாந்தி, மூச்சுத் திணறல், விழுங்க முடியாமை என்று எது வந்தாலும் அப்போதே ஆஸ்பத்திரி.

சரி, இப்போது எனக்கு இன்னும் கோபம் வருகிற வரிக்கு வருகிறேன். ‘மற்ற மருந்துகளிலிருந்து தனியாக எடுத்துக்கொள்ளவும்.’ ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் கிடைத்த முதல் சொல்லை மொழிபெயர்த்தவர் எடுத்து வைத்திருக்கிறார். தமிழில் ‘தனியாக’ என்றால் என்ன? ஒரே டம்ளரில் கலக்காதே என்றுதான் நான் புரிந்துகொள்வேன். அத்தையும் அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தார். ராத்திரி மாத்திரையை ஒரு மிடறில் போட்டுவிட்டு, அடுத்த நிமிடம் இசப்கோலை வேறு டம்ளரில் குடித்துக்கொண்டிருந்தார். தனியாகத்தானே! சொல்ல வேண்டியது நேர இடைவெளி. அந்தக் கூழ் மாத்திரையைத் தனக்குள் பிடித்துக்கொண்டு, உடம்பு உறிஞ்சுவதைக் குறைக்கலாம், தாமதப்படுத்தலாம். தமிழில் இதற்கு நல்ல சொல் கையிலேயே இருக்கிறது: ‘முன்பின் 2 மணி நேரம் விட்டு’. இதை எழுத என்ன தயக்கமோ.

அத்தையின் அட்டவணையை உட்கார்ந்து போட்டோம். காலை 6 மணிக்குத் தைராய்டு மாத்திரை. அந்த லெவோதைராக்சினுக்கு மட்டும் 4 மணி நேரம் விடச் சொன்னார் மருத்துவர், அப்படியானால் 10 மணிக்கு முன் இசப்கோல் கூடாது. எட்டரைக்குச் சாப்பாட்டோடு ரத்த அழுத்த மாத்திரை, அதிலிருந்து 2 மணி நேரம் என்றால் பத்தரை. எனவே 11 மணி என்று வைத்தோம். ராத்திரி மாத்திரை 9 மணிக்கு, ஆகவே இரண்டாம் வேளை மாலை 5 மணி. இரண்டு வேளைக்கும் முன்னும் பின்னும் இடைவெளி தாராளமாக இருந்தது, படுக்கும் நேரமும் தள்ளிப்போனது. ஐரோப்பிய வழிகாட்டலில் அரை மணி முதல் 1 மணி நேரம் என்று குறைவாக இருக்கும். உறைகள் பெரும்பாலும் 2 மணி என்கின்றன, அதைப் பின்பற்றுவதில் நட்டமில்லை. லித்தியம், டிகாக்சின், கார்பமசெபைன், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் ஆரம்பிக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களும்தான். உணவுச் சர்க்கரை மெதுவாக ஏறுவதால் அவர்களின் மருந்தளவை மாற்ற வேண்டிவரலாம்.

இன்னொரு சொல்லும் உண்டு, ‘பேதி மருந்து’. அதையும் அந்தச் சீட்டின் அடியில் பார்த்தேன். பேதி என்றதும் ராத்திரி குடித்தால் விடிவதற்குள் வயிறு கழன்றுவிடும் என்று எதிர்பார்ப்பார்கள். நிலாவாகை மாதிரி குடலைக் கிளப்பிவிடுகிற மருந்துக்கு அது பொருந்தும். இசப்கோல் 12 மணி முதல் 72 மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளும். மறுநாள் ஒன்றும் நடக்கவில்லையே என்று அளவை இரட்டிப்பாக்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வயிறு உப்பி, வாயு கட்டி, தண்ணீரும் போதாமல் அடைப்பு இன்னும் இறுகும். ஒரு வேளையில் தொடங்கி, சில நாட்கள் விட்டு ஏற்றுவதுதான் முறை. ‘மலமிளக்கி’ இதற்குப் பொருத்தமான சொல். இளக்குகிறது என்று சொல்கிறது, அவசரம் காட்டுவதில்லை.

மலம் கல்லாகி ஆசனவாயில் அடைத்திருந்தாலோ, குடலில் அடைப்போ சுருக்கமோ இருந்தாலோ இது உதவாது, கெடுதல்தான். மார்ஃபின் வகை வலி மருந்தால் வந்த மலச்சிக்கலுக்கும் இதைத் தவிர்ப்பார்கள். குடலின் அசைவே மந்தமாகிவிட்ட இடத்தில் பருமனைக் கூட்டினால் அது நகராமல் அங்கேயே கிடக்கும். மூன்று நாளாகியும் பலன் இல்லை, மலத்தில் ரத்தம், திடீரென்று மலம் போகும் பழக்கம் மாறி இரண்டு வாரமாக அப்படியே இருக்கிறது என்றால் இசப்கோலைத் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டியதுதான்.

அத்தை இப்போதும் இசப்கோல் குடிக்கிறார். என் விதைத்தோல் அவர் வாயில் நுழையவில்லை. அவருக்கு அது ‘பதினோரு மணி கூழ்’. சீட்டை மூன்றாம் முறை திருத்தி அனுப்பியிருக்கிறேன், இன்னும் திரும்பி வரவில்லை.