விளம்பரத்துக்கு ஒரு ரூபாய், விற்பனையில் எட்டு ரூபாய்: ஆடி மாதம் கெடுத்த கணக்கு

தி.நகர் ரங்கநாதன் தெரு போன்ற ஓர் இடத்தில் சின்னதாக ஒரு புடவைக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாராவாரம் உள்ளூர் கேபிள் டிவிக்கும், பேப்பருக்குள் வைத்து அனுப்பும் நோட்டீஸுக்கும் கொஞ்சம் பணம் போகிறது. அந்தச் செலவு விற்பனையாகத் திரும்பி வருகிறதா என்று முதலாளி கேட்கிறார். பத்து வாரக் கணக்கு கையில் இருக்கிறது. முதல் ஐந்து சாதாரண வாரங்கள், அடுத்த ஐந்தும் ஆடித் தள்ளுபடி ஓடிய வாரங்கள். எண்கள் விளக்கத்துக்காக உருவாக்கியவை. விளம்பரம், விற்பனை இரண்டும் ஆயிரம் ரூபாயில்.

```
வாரம்  விளம்பரம்  ஆடி  விற்பனை
1      10        0    394
2      12        0    386
3      14        0    400
4      16        0    406
5      18        0    414
6      20        1    483
7      22        1    501
8      24        1    500
9      26        1    505
10     28        1    511
```

இதை எக்செல்லில் A முதல் D வரையுள்ள பத்திகளில் தலைப்போடு அடித்து, ஒட்டுறவுக் கெழுவையும், புள்ளிகளுக்கு நடுவே பொருத்தும் தொடர்புப் போக்குக் கோட்டின் சாய்வையும், விளம்பரம் பூஜ்யமாகும் இடத்தில் அந்தக் கோடு காட்டும் விற்பனையான வெட்டுத்துண்டையும் கேட்கலாம்.

```
=CORREL(B2:B11,D2:D11)
=SLOPE(D2:D11,B2:B11)
=INTERCEPT(D2:D11,B2:B11)
```

ஒட்டுறவு 0.94, சாய்வு 8.3, வெட்டுத்துண்டு 292 என்று வரும். SLOPE-இல் விற்பனை முதலிலும் விளம்பரம் பிறகும் வர வேண்டும். மாற்றிப் போட்டால் எக்செல் எந்தப் பிழையும் காட்டாமல் 0.106 என்று ஒரு விடையைத் தந்துவிடும். அது விற்பனையை வைத்து விளம்பரச் செலவை ஊகிக்கும் வேறொரு கோட்டின் சாய்வு. அதைத் தலைகீழாக்கினாலும் 8.3 கிடைக்காது. CORREL-க்கு இந்த வரிசை ஒரு பொருட்டில்லை, எப்படிக் கொடுத்தாலும் 0.94தான்.

அலகு விஷயத்திலும் இரண்டும் வேறு வேறு. விற்பனையை லட்சத்தில் எழுதினால் சாய்வு 0.083 ஆகிவிடும், ஒட்டுறவு அப்படியே இருக்கும். அதனால் "சாய்வு சின்னது, ஆகவே தொடர்பு பலவீனம்" என்று யாராவது சொன்னால், அவர் அலகைப் பார்க்கவில்லை என்று பொருள். புள்ளிகள் கோட்டை எவ்வளவு ஒட்டி நிற்கின்றன என்பதை ஒட்டுறவு சொல்கிறது. கோடு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பதைச் சாய்வு சொல்கிறது. முதலாளி கேட்டது இரண்டாவதை.

சரி, 8.3 என்றால் என்ன? விளம்பரச் செலவு ஆயிரம் ரூபாய் கூடுதலாக இருந்த வாரத்தில், விற்பனை சராசரியாக 8,300 ரூபாய் கூடுதலாக இருந்திருக்கிறது. அவ்வளவுதான். "ஆயிரம் கூடுதலாகச் செலவழித்தால் 8,300 கூடும்" என்பது வேறு வாக்கியம். முதலாவது, நடந்ததைப் பற்றிய விவரணை. இரண்டாவது, இனி நடக்கப்போவதைப் பற்றிய வாக்குறுதி. விற்பனைக் கூட்டங்களில் முதலாவதைக் காட்டி இரண்டாவதைச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

இங்கே அந்தத் தாவல் தப்பு. புள்ளிகளைக் கட்டத்தாளில் குறித்து, ஆடி வாரங்களுக்கு மட்டும் வேறு நிறம் கொடுத்துப் பாருங்கள். ஒரே கோட்டில் ஏறும் பத்துப் புள்ளிகள் தெரியாது. கீழே இடப்பக்கம் ஒரு கொத்து, மேலே வலப்பக்கம் ஒரு கொத்து, நடுவில் பெரிய இடைவெளி. ஐந்தாம் வாரத்துக்கும் ஆறாம் வாரத்துக்கும் விளம்பரம் இரண்டாயிரம்தான் கூடியது. விற்பனையோ 69 ஆயிரம் எகிறியது. அந்த எகிறலுக்குக் காரணம் தள்ளுபடி. ஆடியில் கல்யாண முகூர்த்தம் இல்லாததால் கடைகள் விலையைக் குறைத்துக் கூட்டம் சேர்க்கின்றன. அதே நேரத்தில் விளம்பரத்தையும் கூட்டுகின்றன. ஆடி இரண்டையும் சேர்த்தே தூக்கிவிட, சாய்வு அந்தப் பெருமை முழுவதையும் விளம்பரத்தின் பேரில் எழுதிவிட்டது.

பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. பட்டியலில் ஆடி என்ற பத்தியில் 0, 1 என்று குறித்திருக்கிறோமே, அதற்கு டம்மி மாறி என்று பெயர். விளம்பரத்தோடு அதையும் சேர்த்துத் தொடர்புப் போக்கைப் போட வேண்டும்.

```
=LINEST(D2:D11,B2:C11,TRUE,TRUE)
```

முதல் வரிசையில் 70, 3, 358 என்று மூன்று எண்கள் வரும். LINEST கெழுக்களை வலமிருந்து இடமாகத் திருப்பித் தரும், பலர் சறுக்கும் இடம் இது. பத்திகளின் வரிசை விளம்பரம், ஆடி. விடையின் வரிசை ஆடி, விளம்பரம், கடைசியில் வெட்டுத்துண்டு. ஆக ஆடியின் கெழு 70, விளம்பரத்தின் கெழு 3. விளம்பரச் செலவு ஒன்றாகவே இருந்தாலும், ஆடி வாரத்தில் விற்பனை 70 ஆயிரம் அதிகம். ஆடியானாலும் இல்லாவிட்டாலும், ஒரே வகை வாரங்களை மட்டும் ஒப்பிட்டால், விளம்பரத்தின் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் விற்பனை மூவாயிரம் அதிகம். 8.3 இப்போது 3 ஆகிவிட்டது.

வெட்டுத்துண்டான 358-ஐ "விளம்பரமே இல்லாவிட்டாலும் 3,58,000 ரூபாய் வரும்" என்று படிக்க ஆசை வரும். பத்தாயிரத்துக்குக் கீழே செலவழித்த வாரம் ஒன்றுகூடக் கணக்கில் இல்லை. அங்கே கோடு எப்படிப் போகும் என்பதற்கு இந்த எண்களில் சாட்சி கிடையாது.

இந்த வித்தியாசம் பணத்தில் எப்படித் தெரியும் என்று பார்ப்போம். விற்பனை முழுவதும் லாபம் இல்லை. புடவையின் கொள்முதல் விலை போக நூற்றுக்கு 25 ரூபாய் நிற்கிறது என்று கொள்வோம். கெழு 8.3 என்றால், விளம்பரத்தில் போட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் சுமார் 2 ரூபாய் 7 காசு மொத்த லாபம் திரும்புகிறது. கெழு 3 என்றால் 75 காசுதான், ரூபாய்க்கு 25 காசு நஷ்டம். போட்ட பணம் திரும்பி வரவே கெழு 4 ஆக இருக்க வேண்டும். தள்ளுபடி வாரங்களில் 25 கூட நிற்காது, அப்போது தேவைப்படும் கெழு இன்னும் ஏறும்.

அதற்காக உடனே விளம்பரத்தை நிறுத்திவிடவும் கூடாது. LINEST-இன் இரண்டாம் வரிசையில், ஒவ்வொரு கெழுவும் எவ்வளவு தடுமாறக்கூடும் என்று காட்டும் திட்டப்பிழைகள் இருக்கும். விளம்பரக் கெழுவுக்கு அது 0.567. பத்து வாரங்களில் மூன்று எண்களை மதிப்பிட்டுவிட்டதால் மிச்சம் ஏழு விடுதலைப் படிகள். அதற்கான t மதிப்பு 2.365. இரண்டையும் பெருக்கினால் 1.34. அதை 3-இலிருந்து கழித்தும் 3-உடன் கூட்டியும் பார்த்தால், 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 1.66 முதல் 4.34 வரை. நமக்கு வேண்டிய 4 அதற்குள்ளேயே இருக்கிறது. விளம்பரத்துக்கும் விற்பனைக்கும் தொடர்பு உண்டு என்று சொல்லலாம், ஏனென்றால் இடைவெளிக்குள் பூஜ்யம் இல்லை. விளம்பரம் நிச்சயம் நஷ்டம் என்று சொல்ல முடியாது. அது 8.3 அல்ல என்று மட்டும் அடித்துச் சொல்லலாம்.

அதிலும் ஒரு ஓட்டை உண்டு. சாதாரண வாரம் எதிலும் 18 ஆயிரத்துக்கு மேல் செலவில்லை, ஆடி வாரம் எதிலும் 20 ஆயிரத்துக்குக் கீழே இல்லை. இரண்டு கொத்துகளும் எங்கேயும் ஒன்றின்மேல் ஒன்று படியவில்லை. இரண்டுக்கும் நடுவே கோடு நேராகத்தான் போகிறது என்ற அனுமானத்தின் மேல்தான் அந்த 3 நிற்கிறது. ஆடிக்கு மட்டுமே விளம்பரம், அதுவும் வாராவாரம் ஒரே தொகை என்று இருந்திருந்தால், எந்த சாஃப்ட்வேராலும் இரண்டையும் பிரித்திருக்க முடியாது.

இதைச் சரிபார்க்கச் செலவு அதிகமில்லை. ஆடியும் தள்ளுபடியும் முடிந்து, தீபாவளிக் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால், இரண்டு மூன்று சாதாரண வாரங்களில் விளம்பரத்துக்கு 22 ஆயிரம் போட்டுப் பார்க்கலாம். ஆடியைக் கணக்கில் எடுக்காத கோடு அந்த வாரத்துக்குச் சொல்லும் விற்பனை 4,75,000. ஆடியைப் பிரித்த சமன்பாடு சொல்வது 4,24,000. நடுவே ஐம்பதாயிரம் ரூபாய் வித்தியாசம். பிரித்த சமன்பாட்டிலிருந்து வாரங்கள் வழக்கமாக விலகுவது ஐந்தாயிரம் அளவுக்குத்தான் என்பதால், எந்தக் கணக்கு சரி என்று கல்லாப்பெட்டியே காட்டிக்கொடுத்துவிடும்.