கம்ப்ரஷன் ரேஷியோ: எதை எதால் வகுப்பது?

வண்டி விளம்பரத் தாளில் '10:1' என்று ஒரு வரி இருக்கும், பக்கத்தில் கம்ப்ரஷன் ரேஷியோ என்று போட்டிருப்பார்கள். பலரும் இதை அழுத்தத்தின் கணக்கு என்றே நினைக்கிறார்கள், உள்ளே காற்று பத்து மடங்கு அழுத்தத்துக்குப் போகிறது என்று. அப்படியில்லை. இது இரண்டு கன அளவுகளை வகுத்து வரும் எண். அழுத்தம் பத்து மடங்கைத் தாண்டி எங்கேயோ போய்விடும்.

கம்ப்ரஷன் லத்தீன் வழி வந்த சொல். 'கோம்' என்றால் சேர்த்து, 'ப்ரெமெரே' என்றால் அழுத்துதல். சேர்த்து நெருக்குவது என்பதுதான் நேர்ப்பொருள். பிரஷர் என்ற சொல்லும் அதே வினையிலிருந்து வந்ததால், ஐரோப்பிய மொழிகளிலேயே இரண்டும் ஒட்டிப் பிறந்தவை. தமிழுக்கு வரும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. தமிழ்நாட்டில் பிரஷர் அழுத்தம், கம்ப்ரஷன் அமுக்கம். இலங்கைப் பாடநூல்களில் பிரஷரே அமுக்கம், கம்ப்ரஷன் நெருக்கல். ஆக, 'அமுக்க விகிதம்' என்று சென்னையில் எழுதினால் யாழ்ப்பாணத்து மாணவர் அதை அழுத்தங்களின் விகிதம் என்று படிப்பார். அதுதான் தவிர்க்க வேண்டிய பிழையே. எனக்கு 'இறுக்க விகிதம்' பிடிக்கிறது. இரண்டு கரையிலும் குழப்பம் வராது, இடம் குறைவதைச் சொல்கிறது. இந்தக் கட்டுரையில் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

சரி, எதை எதால் வகுப்பது? சாதாரண 100 சிசி பைக்கை எடுத்துக்கொள்வோம். சிலிண்டரின் விட்டம் 50 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் போகும் ஓட்டம் 49.5 மி.மீ. சிலிண்டரின் வட்டப் பரப்பை ஓட்டத்தால் பெருக்கினால் 97.2 சிசி. இது பிஸ்டன் துடைத்துச் செல்லும் இடம் மட்டும். பிஸ்டன் உச்சிக்குப் போன பிறகும் சிலிண்டரின் மூடியான ஹெட்டுக்கும் அதற்கும் நடுவே கொஞ்சம் இடம் மிஞ்சும், அதற்குக் கிளியரன்ஸ் என்று பெயர். அது 10.8 சிசி, ஏறக்குறைய இரண்டு தேக்கரண்டி, என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டன் கீழே இருக்கும்போது காற்றுக்கு இருக்கும் மொத்த இடம் 97.2 + 10.8 = 108 சிசி. மேலே போனதும் 10.8. ஆக விகிதம் 10. தேர்வில் 97.2ஐ 10.8ஆல் வகுத்து 9 என்று எழுதிவிட்டு வருகிறவர்கள் நிறைய. மேலே இருப்பது துடைக்கும் இடமல்ல, மொத்த இடம்.

இனி அழுத்தம். வெப்பம் வெளியே போக நேரமில்லாமல் வேகமாக இறுக்கினால், காற்றுக்கு அழுத்தம் × (கன அளவு)^1.4 மாறாமல் இருக்கும். பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கினால் அழுத்தம் 10^1.4, அதாவது 25 மடங்கு ஆகிறது. பத்து மடங்கு இடச் சுருக்கத்தால் வரும், மிச்சம் இறுக்கும்போது காற்று சூடாவதால் வரும். வெப்பநிலை 10^0.4, அதாவது 2.51 மடங்கு உயர்கிறது. 27°Cல், கெல்வினில் 300ல், தொடங்கினால் 753 கெல்வினுக்குப் போய் நிற்கும். 480°C. இன்னும் தீப்பொறியே விழவில்லை.

இதையெல்லாம் ஒரு தாளில் பார்க்கத்தான் அழுத்தம்-கன அளவு வரைபடம். இதன் பிறப்பு பெட்ரோல் எஞ்சினுக்கு வெகு முன்னால். ஜேம்ஸ் வாட்டின் உதவியாளர் ஜான் சதர்ன் 1796 வாக்கில் நீராவி எஞ்சினில் ஒரு பென்சிலைப் பொருத்தினார். சிலிண்டர் அழுத்தம் அதை மேலும் கீழும் நகர்த்தியது, அடியிலிருந்த பலகை பிஸ்டனோடு சேர்ந்து பக்கவாட்டில் ஓடியது. எஞ்சினே தன் படத்தை வரைந்தது. அந்தக் கருவிக்கு இண்டிகேட்டர் என்று பெயர், தமிழில் 'காட்டி' போதும். அந்தப் படத்தை வெப்பவியலின் மொழியாக மாற்றியவர் பிரான்சின் பொறியாளர் கிளாப்பேரோன், 1834ல். கோடு சுற்றி வளைத்த பரப்பளவுதான் ஒரு சுற்றில் கிடைத்த வேலை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்.

பெட்ரோல் எஞ்சினின் படம் வலது கீழ் மூலையில் தொடங்குகிறது: 108 சிசி, வெளிக்காற்றின் அழுத்தம். பிஸ்டன் மேலேற ஏற, கோடு இடப்பக்கமாக வளைந்து உயர்கிறது. 10.8 சிசியை எட்டும்போது பிளக் பொறி விடுகிறது. பிஸ்டன் உச்சியில் ஏறக்குறைய நிற்கும் அந்தக் கணத்தில் எல்லாம் எரிந்துவிடுகிறது என்று கொள்கிறோம். இடம் மாறவில்லை, அழுத்தம் மட்டும் ஏறுகிறது, ஆகவே கோடு செங்குத்தாக மேலே போகிறது. அப்புறம் வாயு விரிந்து பிஸ்டனைத் தள்ளும் நீண்ட வளைவு. வலது ஓரத்தில் வெளியேற்று வால்வு திறக்க, அழுத்தம் செங்குத்தாக விழுகிறது. இதற்கு ஆட்டோ சுழற்சி என்று பெயர். நம் ஊர் ஆட்டோவுக்கும் இதற்கும் உறவில்லை, 1876ல் ஜெர்மனியில் நான்கு வீச்சு எஞ்சினை ஓட்டிக்காட்டிய நிக்கோலாஸ் ஓட்டோவின் பெயர். 'ஓட்டோ சுழற்சி' என்று எழுதினால் வம்பில்லை.

இந்தச் சுழற்சியின் பயனுறுதிறன், அதாவது கொடுத்த வெப்பத்தில் எவ்வளவு வேலையாகிறது என்பது, ஆச்சரியமான அளவுக்கு எளிய சூத்திரம்:

η = 1 − 1/r^0.4

r இறுக்க விகிதம். நம் பைக்குக்கு r = 10. 1 − 1/2.51 = 0.60. அறுபது சதவீதம். எவ்வளவு எரிபொருள் எரிந்தது என்பது சூத்திரத்தில் இல்லவே இல்லை. ஓட்டோவின் முதல் எஞ்சினில் விகிதம் சுமார் 2.5. போட்டால் 31 சதவீதம்தான் வரும். 4 என்றால் 43, 8 என்றால் 56, 12 என்றால் 63. நாலிலிருந்து எட்டுக்குப் போனால் கிடைக்கும் லாபம் எட்டிலிருந்து பன்னிரண்டுக்குப் போனால் பாதிகூட இல்லை.

நெருக்குவதற்கு எஞ்சின் செலவழிக்கத்தானே செய்கிறது, அதில் எப்படி லாபம்? லாபம் நெருக்குவதில் இல்லை, விரிவதில்தான். எரிந்த வாயு 10.8 சிசியிலிருந்து 108 வரை பத்து மடங்கு விரிகிறது. விரிய விரியக் குளிர்கிறது, அந்த வெப்பம்தான் வேலையாக மாறுகிறது. நாலு மடங்கு மட்டும் விரியவிட்டு வால்வைத் திறந்தால் சூடான வாயு அப்படியே சைலன்சர் வழியாகப் போய்விடும். ஒரே சிலிண்டர் என்பதால் எத்தனை மடங்கு இறுக்கினோமோ அத்தனை மடங்கே விரிய முடியும்.

அப்படியானால் 18 வைத்துவிடலாமே என்றால், பெட்ரோல் விடாது. இறுக்கும்போதே உள்ளே பெட்ரோல் கலந்த காற்று இருக்கிறது. சுடர் வந்து சேர்வதற்குள், ஓரத்தில் நெருங்கிக் கிடக்கும் கலவை தானாக வெடிக்கும். அதுதான் நாக்கிங், மேட்டில் அழுத்தி ஓட்டும்போது கேட்கும் அந்த உலோகத் தட்டல். தமிழில் 'இடிப்பு' என்றே சொல்லலாம், பட்டறையிலும் 'எஞ்சின் இடிக்குது' என்பார்கள். ஹெட் கோணலாகி, அதை ஃபேசிங் பண்ணி அரை மி.மீ. சீவிய பிறகு இடிப்பு வருவது இதனால்தான். அந்த அரை மி.மீ. சுமார் 1 சிசியைத் தின்றுவிடும். மிச்சம் 9.8, மொத்தம் 107, விகிதம் 10.9. இரண்டு தேக்கரண்டி இடத்தில் ஒரு சிசி சின்னதல்ல.

ருடால்ஃப் டீசல் போன வழி வேறு. காற்றை மட்டும் இறுக்குவோம், எரிபொருளைக் கடைசியில் உள்ளே விடுவோம். உள்ளே எரியக்கூடியது எதுவும் இல்லாததால் இடிப்பைப் பற்றிக் கவலையில்லாமல் 18 மடங்கு இறுக்கலாம். அப்போது காற்று 680°Cஐ எட்டும், தெளித்ததும் பற்றிக்கொள்ளும், பிளக்கே வேண்டாம். 1893ல் ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் முதல் சோதனையின்போது உள்ளே வெடித்த வேகத்தில் சிதறியது அந்த இண்டிகேட்டர்தான். 1897ல் பேராசிரியர் ஷ்ரோட்டர் அளந்து பார்த்தபோது 26 சதவீதம் வந்தது. அன்றைய நீராவி எஞ்சின்கள் அதன் கிட்டே வரவில்லை.

டீசல் படத்தில் மாறுவது ஒரு கோடு மட்டுமே. இடது உச்சியில் செங்குத்துக் கோட்டுக்குப் பதில் படுக்கைக் கோடு. எரிபொருள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போக, பிஸ்டன் அதற்குள் இறங்கத் தொடங்கிவிடுகிறது, அழுத்தம் ஏறாமல் நிற்கிறது. அந்தப் படுக்கைக் கோட்டின் முடிவில் இருக்கும் இடத்தைத் தொடக்கத்தில் இருந்த இடத்தால் வகுத்தால் கட்-ஆஃப் ரேஷியோ. நீராவி எஞ்சினில் பாதி வழியில் வால்வை மூடி நீராவியை வெட்டிவிடுவார்கள், சொல் அங்கிருந்து வந்தது. 'துண்டிப்பு விகிதம்' சரியாகப் பொருந்துகிறது.

இறுக்க விகிதம் 18, துண்டிப்பு விகிதம் 2 என்று வைத்துக் கணக்குப் போட்டால் டீசலுக்கு 63 சதவீதம் வரும். அதே 18ஐ ஓட்டோ சூத்திரத்தில் போட்டால் 68 சொச்சம். ஒரே விகிதத்தில் டீசல் சுழற்சி தோற்கிறது! காரணம் விரிவுதான். முதலில் எரிந்த துளிக்கு 18 மடங்கு விரிய வாய்ப்பு. கடைசியில் எரிந்த துளிக்கோ அதற்குள் இடம் இரட்டித்துவிட்டது, மிச்சம் 9 மடங்கு மட்டும். டீசல் ஜெயிப்பது சுழற்சியின் அழகால் அல்ல, பெட்ரோலால் போக முடியாத விகிதத்துக்குப் போவதால். லோடு குறைந்து எரிபொருள் குறையும்போது துண்டிப்பு விகிதமும் 1ஐ நோக்கிக் குறைகிறது, திறன் ஏறுகிறது.

நிஜத்தில் 60 எல்லாம் வராது. எரிந்து சூடான வாயுவுக்கு அந்த 1.4 என்ற அடுக்கு 1.3 பக்கம் இறங்கிவிடும். அதை மட்டும் மாற்றினாலே நம் பைக்கின் 60, 50 ஆகிறது. மிச்சத்தைச் சிலிண்டர் சுவரும் உராய்வும் தின்னும். படத்தின் கூரிய மூலைகளும் நிஜக் காட்டியில் உருண்டுதான் இருக்கும், ஏனென்றால் எரிவதற்கும் நேரம் வேண்டும்.

மெக்கானிக் 'கம்ப்ரஷன் போச்சு' என்று சொல்வது விகிதத்தை அல்ல. பிளக் துளையில் கேஜ் வைத்து, திராட்டிலை முழுதாகத் திறந்து கிக்கரை உதைத்துப் பார்க்கும் அழுத்தத்தைச் சொல்கிறார். நல்ல பைக்கிலும் 25 மடங்கு காட்டாது, பாதிச் சொச்சம் காட்டினாலே நன்று. பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகே உள்ளிழுப்பு வால்வு மூடுகிறது, மெதுவான உதையில் வெப்பமும் கசிகிறது. அளவு மிகக் குறைந்தால் துளை வழியாகக் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார். ஏறினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருக்கிறது, ஆயில் அந்த இடைவெளியை அடைத்துவிட்டது. ஏறாவிட்டால் வால்வைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டிலும் இறுக்க விகிதம் அதே 10தான், இடம் மாறவில்லையே.

இந்த வால்வு விஷயத்தை வேண்டுமென்றே நீட்டித்தால் வேறொரு எஞ்சின் கிடைக்கும். 1997ல் வந்த பிரியஸ் ஹைப்ரிட் காரில் உள்ளிழுப்பு வால்வு வெகு தாமதமாக மூடும், இழுத்த காற்றில் ஒரு பகுதி திரும்பப் போய்விடும். இறுக்கம் குறைவு, விரிவு முழுசு. 1882லேயே இறுக்கத்தையும் விரிவையும் பிரிக்கப் பார்த்த ஜேம்ஸ் அட்கின்சனின் பெயரால் இதை அழைக்கிறார்கள். அந்தக் காரின் தாளில் கம்ப்ரஷன் ரேஷியோ என்று அச்சிட்டிருக்கும் எண், உண்மையில் விரிவு விகிதம்.