மூடிய கொப்பியில் தொடங்கும் படிப்பு

பாடசாலையை விட்டுப் பத்துப் பதினைந்து வருடம் கழித்துப் படிக்க வருபவர்களின் கொப்பிகள் பெரும்பாலும் மிக அழகாக இருக்கும். திரையில் காட்டியது முழுக்க இரண்டு நிறப் பேனையில் இறங்கியிருக்கும். பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கையில் திறந்து வாசித்தால் எல்லாம் விளங்கும். மூடிவிட்டு எழுதப் போனால் இரண்டு வரிக்கு மேல் வராது. வயது போய்விட்டது, மறதி வந்துவிட்டது என்று பலர் மனம் விடுவது இந்த இடத்தில்தான். கோளாறு குறிப்பு எடுத்த விதத்தில் இருக்கிறது.

ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு சாரார் பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை வாசித்தபின் பார்க்காமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்தில் கேட்டபோது வாசித்தவர்களே முன்னுக்கு நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்களுக்கே தெளிவாகக் கூடுதலாக நினைவிருந்தது. வாசித்த உடனே வரும் "விளங்கிவிட்டது" என்ற உணர்வை நம்பக்கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

ஆகவே கொப்பியின் அமைப்பையே மாற்ற வேண்டும். சீ.ஆர். கொப்பியில் ஒவ்வொரு பக்கத்திலும் இடப்புறம் மூன்றில் ஒரு பங்கை விட்டுக் கோடு போடுங்கள். வகுப்பில் வலப்புறம் மட்டும் எழுதுங்கள். விரிவுரையாளர் சொன்ன காரணமும் செய்து காட்டிய கணக்கும் போதும். வரைவிலக்கணம் அச்சுக் குறிப்பிலேயே இருக்கும். இடப்புறம் அன்றிரவு வரை வெறுமையாக இருக்கட்டும்.

கிண்ணியாவிலிருந்து திருகோணமலை நகருக்கு பஸ்ஸில் வேலைக்கு வந்துபோகும் ஒருவர், ஞாயிறு கணக்கீட்டு வகுப்பில் பெறுமானத் தேய்வு, அதாவது ஒரு சொத்தின் விலையை அது பயன்படும் வருடங்களுக்குப் பிரித்துச் செலவாக எழுதுவது, படித்தார் என்று வைத்துக்கொள்வோம். இயந்திரத்தின் விலை 600,000 ரூபா, கடைசியில் விற்றால் கிடைக்கும் எச்சப் பெறுமதி 60,000, ஆயுட்காலம் 5 வருடம். ஒவ்வொரு வருடமும் ஒரே தொகையை எழுதும் நேர்கோட்டு முறையில் வருடத்துக்கு 108,000 ரூபா. ஆனால் வாங்கியது ஜூலை 1இல், கணக்காண்டு முடிவது மார்ச் 31இல். முதல் வருடத்துக்கு 9 மாதம்தான், அதாவது 81,000 ரூபா.

அன்றிரவு இருபது நிமிடம் ஒதுக்கி, இடப்புறத்தில் அவர் எழுத வேண்டியவை கேள்விகள். "பெறுமானத் தேய்வு என்றால் என்ன?" என்ற கேள்வி பலவீனமானது, மனப்பாடத்தைத்தான் கேட்கிறது. "எச்சப் பெறுமதியை ஏன் முதலில் கழிக்கிறோம்?", "ஆண்டின் நடுவில் வாங்கினால் எது மாறும், எது மாறாது?" என்பவை நல்ல கேள்விகள். ஒரு பக்கத்துக்கு மூன்று அல்லது நான்கு போதும். பத்துப் பன்னிரண்டு எழுதினால் அடுத்த வாரமே சுமையாகிவிடும்.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வலப்புறத்தை ஒரு தாளால் மறைத்து, கேள்விக்கு விடையை மனதுக்குள் முழு வசனமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். கூட்டத்தில் நின்றுகொண்டு வந்தால் கேள்விகளை மட்டும் ஒரு துண்டில் எழுதி வைத்திருக்கலாம். அடுத்த ஞாயிறு வகுப்புக்கு முன் இன்னொரு முறை, மூன்றாம் வாரம் மற்றொரு முறை. தவறிய கேள்விக்குப் புள்ளி வையுங்கள்; அது அடுத்த நாளே திரும்ப வர வேண்டும். சரியாக வந்ததற்கு இடைவெளியைக் கூட்டலாம்.

இங்கே பொதுவாக நடக்கும் பிழை, இரண்டு விநாடி யோசித்துவிட்டுத் தாளை விலக்குவது. விடையைக் கண்டதும் "இதுதான், தெரியும்" என்று தோன்றும். அது அடையாளம் கண்டதுதான், நினைவிலிருந்து எடுத்ததாகாது. ஒரு நிமிடமாவது தேடுங்கள். மூன்றாம் வாரத்திலும் புள்ளியே விழாத கொப்பி என்றால், கேள்விகள் மிக இலேசானவை அல்லது தாளை முந்தி விலக்குகிறீர்கள்.

கணக்குப் பாடத்துக்கு இதுமட்டும் காணாது. வாரத்தில் ஒரு இரவு, கடந்தகால வினாத்தாளிலிருந்து ஒரு கணக்கை வெள்ளைத் தாளில் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டும். மாதிரி விடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தால் அதுவும் வாசிப்புத்தான்.

இன்னொன்றைப் பலர் கடைசி வாரத்தில்தான் உணர்கிறார்கள்: கை. வருடக் கணக்காகக் கணினியிலும் போனிலும் தட்டியவருக்கு, மூன்று மணித்தியால வினாத்தாளில் முதல் மணித்தியாலத்துக்குள்ளேயே விரல் விறைக்கத் தொடங்கும். பரீட்சைக்கு எட்டு வாரம் இருக்கும்போதே, அந்த வெள்ளைத் தாள் இரவில் நேரம் பார்த்து எழுதுங்கள். 180 நிமிடத்தில் வாசிக்கவும் சரிபார்க்கவும் 15 நிமிடம் போனால், 100 புள்ளிக்கு மிஞ்சுவது 165. இருபது புள்ளிக் கேள்விக்கு 33 நிமிடம். முதலில் 45 நிமிடம் எடுக்கும். எந்த வரியில் நின்றீர்கள் என்று ஓரத்தில் குறித்து வையுங்கள். அடுத்த வாரக் கேள்வி அங்கிருந்துதான் வரவேண்டும்.