635 என்று எழுதிய மூன்று பேர்

ஒரு சின்னக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 5, 10, 20 என்று போகும் பெருக்குத் தொடரில் முதல் 8 உறுப்புகளின் கூடுதல் என்ன? முதல் உறுப்பு 5, பொது விகிதம் 2.

`S_n = a(r^n − 1)/(r − 1)`

`5 × (256 − 1) = 1275`

இரண்டு மதிப்பெண் கணக்கு இது. கேம்பிரிட்ஜ், எட்எக்செல் போன்ற பிரிட்டிஷ் தேர்வுகளின் விடைக்குறிப்பில் முறைக்கு M1, விடைக்கு A1 என்று பிரித்திருப்பார்கள். M கிடைக்காதவருக்கு அதைச் சார்ந்த A-யும் கிடைக்காது. தப்பான வழியில் போய் சரியான எண்ணில் வந்து விழுந்தாலும் இதே கதைதான்.

இப்போது மூன்று தாள்கள் கையில் இருக்கின்றன. மூன்றிலும் விடை 635.

முதல் தாளில் சூத்திரம் சரியாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் பிரதியிடும்போது n-க்கு 7 போட்டிருக்கிறார். உறுப்புகளை எண்ணியதில் ஒன்று விட்டுப்போயிருக்கலாம். இரண்டாம் தாளில் சூத்திரமே `a(r^(n−1) − 1)/(r − 1)` என்று இருக்கிறது. n-க்கு 8 என்று சரியாகத்தான் போட்டிருக்கிறார். அடுக்கு எப்படி ஒன்று குறைந்தது? n-ஆம் உறுப்புக்கான `ar^(n−1)` மனதில் ஓடியிருக்கும். இந்த இரண்டு சூத்திரங்களும் பக்கத்துப் பக்கத்தில் மனப்பாடம் ஆவதால் வரும் குழப்பம் இது. மூன்றாம் தாளில் சூத்திரமே இல்லை. நேராக `5(2^7 − 1)/(2 − 1)` என்று ஒரே வரி.

எட்எக்செல்லின் பொது விதி இப்படிப் போகிறது: சரியான சூத்திரத்தை எழுதி, அதைப் பயன்படுத்த முயன்றால், பிரதியிடுவதில் சின்னப் பிழை இருந்தாலும் முறை மதிப்பெண் உண்டு. சூத்திரம் எழுதாதவருக்கும் எண்களைக் கொண்டு முறையை ஊகித்து மதிப்பெண் தரலாம். ஆனால் அந்த எண்களில் பிழை இருந்தால் அது பறிபோகலாம். ஆகவே முதல் தாளுக்கு M1 A0, இரண்டாவதற்கு M0 A0. மூன்றாவதில் 7 என்பது எண்ணும் பிழையா, சூத்திரப் பிழையா என்று தாள் சொல்லவில்லை. அதனால் அதற்கும் பெரும்பாலும் பூஜ்யம்தான். அந்த ஒரு வரிச் சூத்திரத்தை எழுதாமல் போனதற்கு ஒரு மதிப்பெண் என்பது கொஞ்சம் கடுமைதான். ஆனால் திருத்துபவர் தாளைத்தான் படிக்க முடியும், மாணவரின் மனதை அல்ல. சில வினாக்களின் விடைக்குறிப்பு n−1 பிழையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும். அப்படி இருந்தால் அதுவே முடிவு.

கூட்டுத் தொடரின் சூத்திரத்தைப் போட்டவர் வேறு ரகம். 2-ஐப் பொது வித்தியாசமாக எடுத்து `n/2[2a + (n−1)d]` என்று போனால் `4 × 24 = 96`. இன்னொருவர் கடைசி உறுப்பு 640 என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, `n/2(a + l)` போட்டு 2580 என்பார். சூத்திரம் அதன் அளவில் சரி, பிரதியிட்டதும் சரி, ஆனால் அது இந்தத் தொடருக்கு உரியதல்ல. அதனால் இரண்டுக்கும் M0. வினாவைத் தவறாகப் படித்துவிட்டார் என்று சலுகை கேட்கவும் முடியாது. தவறாகப் படித்ததால் வினாவின் தன்மை மாறாமலும், அது எளிதாகாமலும் இருந்தால்தான் அந்தச் சலுகை. பெருக்குத் தொடரைக் கூட்டுத் தொடராக மாற்றினால் வினாவே வேறு.

சூத்திரமே இல்லாமல் எட்டு உறுப்புகளையும் எழுதிக் கூட்டி 1275 என்றவருக்கு? குறிப்பிட்ட சூத்திரத்தைப் பயன்படுத்து என்று வினா கேட்கவில்லை என்றால் முழு மதிப்பெண்.

அப்புறம், கணக்கு அத்தோடு முடியவில்லை என்று வைப்போம். அடுத்த பிரிவு: கூடுதல் 2000 ஆக இன்னும் எவ்வளவு வேண்டும்? சரியான விடை 725. 635 எழுதியவர் 1365 என்பார். விடைக்குறிப்பில் அந்த மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் ft என்று இருந்தால், முந்தைய தவறான எண்ணை வைத்துச் சரியாகத் தொடர்ந்ததற்கு அது கிடைக்கும். முந்தைய பிரிவில் பூஜ்யம் வாங்கிய இரண்டாம் தாளுக்கும் இது உண்டு. ஒரே பிழைக்கு இரண்டு முறை வெட்டக்கூடாது என்பதே இதன் நோக்கம். ft இல்லையென்றால் 725 மட்டும்தான் செல்லும்.

இந்த விடைகளைச் சூத்திரம் இல்லாமலே பிடித்துவிடலாம். எட்டாவது உறுப்பு மட்டுமே 640. எல்லா உறுப்புகளும் மிகை எண்கள் என்பதால் கூடுதல் அதைவிடப் பெரிதாகத்தான் இருக்க வேண்டும். 96-ம் 635-ம் அங்கேயே அடிபடுகின்றன. பின்னாலிருந்து பார்த்தால் ஒவ்வொரு உறுப்பும் முந்தையதன் பாதி, ஆக மொத்தம் 640-இன் இரு மடங்கான 1280-ஐ எட்டாது, 2580 போயிற்று. 635 எழுதிய மூவரில் ஒருவர் கடைசி உறுப்பை ஓரத்தில் எழுதிப் பார்த்திருந்தால், தன் விடை அதைவிட 5 குறைவாக இருப்பது கண்ணில் பட்டிருக்கும்.