வரையறையில்லா நிகழ்வளவுச் சொல்: ‘அடிக்கடி’ என்றால் எத்தனை முறை?

கருத்தாய்வுத் துறையில் ‘வேக் குவான்டிஃபையர்’ என்று ஒரு கலைச்சொல் உண்டு. எண் எதையும் சொல்லாமல் அளவை மட்டும் உணர்த்தும் சொற்களுக்கு அது பொதுப்பெயர். ஒருவர் ஒரு செயலை எவ்வளவு செய்கிறார் என்று கேட்கும் கேள்வித்தாள்களில் விடைகளாக வரிசையாக நிற்கும் ‘எப்போதும்’, ‘அடிக்கடி’, ‘சில நேரங்களில்’, ‘அரிதாக’ ஆகியவை அந்த வகையைச் சேர்ந்தவை. அவை ‘ஃப்ரீக்வென்சி’யை, அதாவது ஒரு செயல் எவ்வளவு அடிக்கடி நிகழ்கிறது என்பதை, உணர்த்துபவை. ஆங்கிலத்தில் எழுதப்பட்டுப் பின்னர் தமிழாக்கப்படும் கேள்வித்தாள்கள் சிங்கப்பூரில் ஏராளம் என்பதால், இந்தச் சொற்களின் தன்மையை அறிந்துகொள்ளும் தேவை இங்குள்ள தமிழருக்குச் சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது.

‘வேக்’ என்பதன் மூலம் ‘வேகஸ்’ என்னும் லத்தீன் சொல். அலைந்து திரிவது என்பது அதன் பொருள். ‘ஃப்ரீக்வென்சி’யின் மூலச் சொல்லோ கூட்டத்தையும் நெரிசலையும் குறித்தது. தமிழில் ‘அடிக்கடி’ என்பது ‘அடிக்கு அடி’, அதாவது காலடி எடுத்து வைக்கும்தோறும் என்னும் பொருளில் அமைந்த தொடர். அந்தப் பொருளில் இன்று யாரும் அதை ஆள்வதில்லை. எந்தச் செயலுக்கு எந்த இடைவெளி என்பதைக் கேட்பவரே ஊகித்துக்கொள்கிறார். ‘சிலவேளை’யில் வேறொரு சிக்கல் உள்ளது. இலங்கைத் தமிழ் வழக்கில் அது ‘ஒருவேளை’ என்னும் ஐயப் பொருளையும் தரும். யாழ்ப்பாண வழிவந்தோரும் தமிழகத்திலிருந்து அண்மையில் வந்தோரும் ஒரே தாளை நிரப்பும் ஊரில் ‘சில நேரங்களில்’ என்று எழுதுவதே பாதுகாப்பானது.

கலைச்சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘ஃப்ரீக்வென்சி’க்கு இயற்பியலில் ‘அதிர்வெண்’ என்றும், புள்ளியியலில் ‘நிகழ்வெண்’ என்றும், இலங்கைப் பாடநூல்களில் ‘மீடிறன்’ என்றும் வழங்குகிறோம். ஆனால் இங்கே பேசப்படும் சொற்களில் எண்ணே இல்லை என்பதால் ‘நிகழ்வெண்’ பொருந்தாது, ‘நிகழ்வளவு’ பொருந்தும். முன்னொட்டாகத் ‘தெளிவற்ற’ என்பதைச் சேர்ப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. விடையளிப்பவர் இந்தச் சொற்களைப் படித்துக் குழம்புவதில்லை, தயங்காமல் குறியிட்டுவிடுகிறார். அவருக்குப் பொருள் தெளிவாகவே இருக்கிறது, ஆனால் அந்தப் பொருள் பக்கத்து வீட்டுக்காரர் கொண்ட பொருளன்று. ஆகவே ‘வரையறையில்லா நிகழ்வளவுச் சொல்’ என்பதே சரியான இணைச்சொல் என்று கருதுகிறேன். நீளம்தான், ஆனால் குறை எங்கே இருக்கிறது என்பதைச் சுட்டிக்காட்டுகிறது.

இந்தக் குறை நெடுங்காலமாக அறியப்பட்டதுதான். இத்தகைய சொற்கள் ஒவ்வொன்றும் நூற்றுக்கு எத்தனை முறை நிகழ்வதைக் குறிக்கின்றன என்று அமெரிக்காவில் சிம்ப்சன் 1944ஆம் ஆண்டிலும் ஹேக்கல் 1968ஆம் ஆண்டிலும் ஆராய்ந்தனர். குழுவின் நடுமதிப்புகள் ஓரளவு ஒத்துப்போயின, ஆனால் ஆளுக்கு ஆள் விடைகள் பெரிதும் வேறுபட்டன. 1974ஆம் ஆண்டில் பெப்பரும் பிரிட்டுலாக்கும் வேறொன்றைக் காட்டினர்: அடிக்கடி நிகழ்வது என்று ஒரே சொல்லால் சொன்னாலும், அது நிலநடுக்கத்தைப் பற்றியதானால் சிறிய எண்ணையும், கௌபாய்த் திரைப்படத்தில் வரும் துப்பாக்கிச் சூட்டைப் பற்றியதானால் பெரிய எண்ணையும் மக்கள் மனத்தில் கொள்கிறார்கள். சுருங்கச் சொன்னால், நிகழ்வளவுச் சொல் ஒரு செயலின் எண்ணிக்கையைச் சொல்வதில்லை. விடையளிப்பவர் இயல்பு என்று எதிர்பார்க்கும் அளவோடு ஒப்பிட்டால் அந்தச் செயல் கூடுதலா குறைவா என்பதைச் சொல்கிறது.

இதை நம் வீடுகளில் வைத்துப் பார்க்கலாம். தொடக்கநிலை 3இல் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம், “வீட்டில் பிள்ளையுடன் எவ்வளவு அடிக்கடி தமிழில் பேசுகிறீர்கள்?” என்று கேட்பதாகக் கொள்வோம். உட்லண்ட்ஸில் உள்ள ஒரு வீட்டில் பாட்டி காலை முதல் இரவுவரை பேரனிடம் தமிழ்தான் பேசுகிறார். வேலை முடிந்து வரும் தாய் நாள்தோறும் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அரைமணி நேரம் தமிழில் பேசுகிறார். மாமியாரோடு ஒப்பிட்டுத் தம்மைக் குறைத்து மதிப்பிட்டுக்கொண்டு ‘சில நேரங்களில்’ என்று குறியிடுகிறார். பொங்கோலில் உள்ள இன்னொரு வீட்டில் எல்லாம் ஆங்கிலம்தான். அங்குள்ள தந்தை வாரத்தில் மூன்று இரவுகள் படுக்கையில் கதை சொல்லும்போது மட்டும் தமிழுக்கு மாறுகிறார். தம் நண்பர்கள் அந்த அளவுகூடச் செய்வதில்லை என்பதை நினைத்து ‘அடிக்கடி’ என்று குறியிடுகிறார். அட்டவணையில் பொங்கோல் தந்தை மேலே, உட்லண்ட்ஸ் தாய் கீழே. இருவருமே பொய் சொல்லவில்லை, வெற்றிடமும் விடவில்லை. தரவை மட்டும் பார்ப்பவருக்குத் தவறு நேர்ந்ததற்கான அடையாளமே கிடைக்காது.

அதே கேள்வியை இப்படி மாற்றி எழுதலாம்: “கடந்த 7 நாள்களில், எத்தனை நாள்கள் உங்கள் பிள்ளையுடன் குறைந்தது 10 நிமிடம் தமிழில் உரையாடினீர்கள்?” விடைகள்: ஒரு நாளும் இல்லை, 1–2 நாள்கள், 3–4 நாள்கள், 5–6 நாள்கள், 7 நாள்களும். பேச்சை ‘முறை’யாக எண்ண முடியாது, ஓர் உரையாடல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று யார் சொல்வது? நாளை எண்ண முடியும். ஏழு நாள் என்பதால் பள்ளி நாளும் வார இறுதியும் உள்ளடங்கிவிடுகின்றன, நினைவும் அவ்வளவு பின்னே போக வேண்டியதில்லை. இப்போது தாய்க்கு 7, தந்தைக்கு 3. ஜூன் பள்ளி விடுமுறையிலோ தீபாவளி வாரத்திலோ கேட்டால் கிடைக்கும் எண் வழக்கமான வாரத்தின் எண்ணாக இராது என்பதை மட்டும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

எண்களை எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்றும் எண்ணிவிடக் கூடாது. ‘1–3’, ‘3–5’ என்று எழுதினால் 3 இரண்டு இடங்களில் விழும். ‘வாரம் ஒருமுறை’, ‘மாதம் இருமுறை’ என்று எழுதினால் மாதம் மூன்று முறை செய்பவருக்கு இடமே இல்லாமல் போகும். காலத்தை ஓராண்டாக நீட்டினால் விடைகள் 10, 20, 50 என்று பத்தின் மடங்குகளில் குவியும். மக்கள் எண்ணவில்லை, மதிப்பிடுகிறார்கள் என்பதற்கு அந்தக் குவிவே சான்று.

இவற்றைவிட நுட்பமான கோளாறு ஒன்றை ஷ்வார்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1985ஆம் ஆண்டில் ஜெர்மனியில் காட்டினர். நாள்தோறும் எவ்வளவு நேரம் தொலைக்காட்சி பார்க்கிறீர்கள் என்று கேட்டு, ஒரு குழுவுக்கு ‘அரைமணி நேரம்வரை’ என்று தொடங்கி ‘இரண்டரை மணிக்கு மேல்’ என்று முடியும் விடைகளைத் தந்தனர். மற்றொரு குழுவுக்கு ‘இரண்டரை மணிவரை’ என்று தொடங்கி ‘நாலரை மணிக்கு மேல்’ என்று முடியும் விடைகளைத் தந்தனர். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் பார்ப்பதாகச் சொன்னவர்கள் முதல் குழுவில் 16.2 விழுக்காடு, இரண்டாம் குழுவில் 37.5 விழுக்காடு. நடுவில் இருக்கும் விடையே சராசரி மனிதருடையது என்று ஊகித்து மக்கள் தம்மை அதன் அருகில் வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே, வழக்கமான அளவு முன்கூட்டித் தெரியாத செயலுக்கு விடைகளைத் தராமல் “_____ மணி நேரம்” என்று கோடிட்ட இடம் விடுவதே நல்லது. நாள் கேள்வியில் இந்த ஆபத்து குறைவு, ஏனெனில் அங்கே 0 முதல் 7 வரை எல்லா நாள்களும் இடம்பெற்றுவிடுகின்றன.

‘அடிக்கடி’யை அடியோடு ஒதுக்கிவிட வேண்டும் என்பதில்லை. உட்லண்ட்ஸ் தாய் தம் தமிழைப் போதாதென்று நினைப்பதும் ஓர் ஆய்வாளர் அறிய விரும்பும் செய்திதான். அதை எண் கேள்விக்குப் பின்னால் தனியாக, “இந்த அளவு உங்களுக்குப் போதுமானதாகத் தோன்றுகிறதா, குறைவாகத் தோன்றுகிறதா?” என்று கேட்டால் செயல் ஒரு விடையிலும் மனக்குறை மற்றொரு விடையிலும் பதிவாகும்.